ஏழா, இருபதா? – ஒரு சுழற்சித் தடை பற்றிய விமர்சனம்

1956ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குடோவ்ஸ்கி, ஹோம் என்ற இருவர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு, அதாவது என்.எம்.ஆர். முறையைக் கொண்டு, ஒரு மூலக்கூறின் உள்ளே ஒரு பிணைப்பு எத்தனை வேகத்தில் திரும்புகிறது என்று அளக்க அக்கட்டுரை வழிகாட்டியது. இன்றும் கல்லூரிகளில் அந்த வழியைத்தான் கற்பிக்கிறோம். ஆனால் அதில் தரப்பட்ட முக்கியமான எண் ஒன்று மூன்று மடங்கு தவறு. முறை சரியாக இருந்தும் விடை ஏன் பிசகியது, அந்தப் பிசகை நாமே ஒரு சிறு கணக்கால் கண்டுகொள்ள முடியுமா என்பதைப் பார்ப்போம்.

அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள்களில் ஒன்று டைமெத்தில் பார்மமைடு. ஆய்வுக்கூடங்களில் சாதாரணமாகக் கரைப்பானாகப் பயன்படும் திரவம்தான். அதன் வாய்பாடு HCO–N(CH₃)₂. நைட்ரஜனின் மேல் இரண்டு மெத்தில் தொகுதிகள் உள்ளன. தாளில் எழுதிப் பார்த்தால் இரண்டுக்கும் வேற்றுமை தெரியாது. கார்பன்–நைட்ரஜன் பிணைப்பு தங்குதடையின்றிச் சுழலுமானால் இரண்டும் ஒன்றே. நிறமாலையில் ஒரே குறிதான் தோன்ற வேண்டும். ஆனால் அறை வெப்பநிலையில் இரண்டு குறிகள் தோன்றுகின்றன. இதைப் பிலிப்ஸ் என்பவர் 1955இலேயே கண்டு எழுதினார்.

காரணம் இதுதான். நைட்ரஜனிடம் உள்ள தனி எலெக்ட்ரான் இணை அங்கேயே அடங்கிக் கிடப்பதில்லை. பக்கத்திலுள்ள கார்பனைத் தாண்டி ஆக்சிஜன் வரை பரவுகிறது. ஆகவே கார்பன்–நைட்ரஜன் பிணைப்பு ஒற்றைப் பிணைப்பாகவும் இல்லை, இரட்டைப் பிணைப்பாகவும் இல்லை, நடுவில் நிற்கிறது. இத்தகைய ஒற்றைப் பிணைப்பின் நீளம் சாதாரணமாக 1.47 ஆங்ஸ்ட்ரம், அமைடுகளில் அது 1.32 அல்லது 1.33 ஆகச் சுருங்கியிருக்கிறது. அந்த எலெக்ட்ரான் பரவல் நிகழ வேண்டுமானால் பிணைப்பைச் சுற்றியுள்ள அணுக்கள் எல்லாம் ஒரே தளத்தில் இருந்தாக வேண்டும். பிணைப்பைத் திருகினால் பரவல் குலைகிறது. 90 பாகை திருகும்போது அறவே அற்றுப்போகிறது. அந்த இழப்புதான் சுழற்சிக்குத் தடை. எனவே ஒரு மெத்தில் ஆக்சிஜன் இருக்கும் பக்கத்திலும், மற்றது ஹைட்ரஜன் இருக்கும் பக்கத்திலும் தங்கிவிடுகின்றன. சுற்றுப்புறம் வேறாகையால் குறிகளும் வேறு.

திரவத்தைச் சூடேற்றினால் என்ன ஆகும்? மூலக்கூறுகள் அடிக்கடி தடையைத் தாண்டித் திரும்புகின்றன. இரண்டு மெத்தில்களும் இடம் மாறுகின்றன. முதலில் குறிகள் அகலமாகும். பிறகு ஒன்றையொன்று நெருங்கும். ஒரு வெப்பநிலையில் இரண்டும் இணைந்து ஒரே மேடாகிவிடும். இன்னும் சூடேற்றினால் அந்த மேடு ஒரு கூரிய ஒற்றைக் குறியாகும்.

இதை விளக்க மின்விசிறியை உவமை கூறுவது வழக்கம்: மெதுவாகச் சுற்றினால் இறக்கைகள் தனித்தனியே தெரியும், வேகமாகச் சுற்றினால் ஒரு வட்டத் தட்டாகத் தெரியும் என்பார்கள். உவமை நல்லதுதான். ஆனால் 'வேகம்' என்றால் எதைவிட வேகம் என்று அது சொல்லாமல் விட்டுவிடுகிறது. இங்கே அளவுகோல், இரண்டு குறிகளின் அதிர்வெண்களுக்கு இடையே உள்ள வேறுபாடு. குறிகள் இணையும் அந்த வெப்பநிலையில், வினாடிக்கு இத்தனை முறை இடமாற்றம் என்பதை இச்சமன்பாடு தருகிறது:

k = πΔν/√2

60 மெகாஹெர்ட்ஸ் கருவி ஒன்றில் பார்ப்போம். இத்திரவத்தின் இரு குறிகளுக்கும் இடையே சுமார் 9 ஹெர்ட்ஸ் வேறுபாடு உண்டு. அவை இணைவது ஏறத்தாழ 120 செல்சியஸில். கணக்கிட்டால் k வினாடிக்கு 20. கருவியை மாற்றி 300 மெகாஹெர்ட்ஸ் கருவியில் வைத்தால் வேறுபாடு 45 ஹெர்ட்ஸ் ஆகிறது; வினாடிக்கு 100 முறை மாறினால்தான் குறிகள் இணையும். அதற்கு 145 செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். திரவமோ 153இல் கொதித்துவிடும்! ஆகவே கருவியின் அதிர்வெண்ணைச் சொல்லாமல் 'இதன் குறிகள் இத்தனை பாகையில் இணையும்' என்று மட்டும் எழுதும் பாடக்குறிப்புகள் பாதி உண்மையைத்தான் சொல்கின்றன. அந்த வெப்பநிலை மூலக்கூறின் பண்பு மட்டும் அன்று. மூலக்கூறும் கருவியும் சேர்ந்து தரும் எண்.

இனித் தடையின் உயரம். வினாடிக்கு 20 என்பதையும் 393 கெல்வின் என்பதையும் ஐரிங் சமன்பாட்டில் இட்டால்,

ΔG = RT ln(k_B T / hk)

சுமார் 21 கிலோகலோரி வருகிறது. இந்த விடையை அசைப்பது கடினம் என்பதைக் கவனியுங்கள். வெப்பநிலையை 5 பாகை தவறாகப் படித்தாலும் விடை கால் கிலோகலோரிதான் மாறும். குறிகளின் இடைவெளியை இரண்டு மடங்கு தவறாக எடுத்தாலும் அரை கிலோகலோரிதான் மாறும். மடக்கையின் உள்ளே புகுந்த பிழை மெலிந்துதான் வெளியே வரும்.

குடோவ்ஸ்கியும் ஹோமும் கொடுத்த கிளர்வு ஆற்றல் எவ்வளவு தெரியுமா? 7 கிலோகலோரி, கூட்டியோ குறைத்தோ 3. மிகத் தாராளமாகப் பிழை எல்லை வைத்தும் உண்மை அதற்குள் வரவில்லை. கிளர்வு ஆற்றலும் நாம் கணக்கிட்ட ஆற்றலும் முற்றிலும் ஒன்றல்ல என்பது மெய்யே. ஆனால் இத்தகைய எளிய சுழற்சியில் இரண்டுக்கும் வேறுபாடு சிறிது; 7ஐ 21 ஆக்கும் அளவுக்கு அது பெரிதன்று.

பிசகு எங்கே நேர்ந்தது? அவர்கள் ஒரு வெப்பநிலையோடு நிற்கவில்லை. பல வெப்பநிலைகளில் k கண்டு, அதன் மடக்கையை 1/T உடன் வரைந்து, கோட்டின் சாய்விலிருந்து ஆற்றலைப் பெற்றார்கள். கொள்கையளவில் இதுவே மேலான முறை. நடைமுறையிலோ சாய்வு மிக எளிதில் ஏமாற்றும். குறிகள் அகலமாவதற்கு இடமாற்றம் ஒன்றே காரணமன்று. காந்தப் புலம் குழாய் முழுதும் ஒரே சீராக இல்லாவிட்டாலும் குறி அகலும். பார்மைல் ஹைட்ரஜனோடு உள்ள நுண்ணிய பிணைவினாலும் அகலும். தாழ்ந்த வெப்பநிலையில் இந்த அகலத்தையும் இடமாற்றத்தின் கணக்கில் எழுதினால், k உண்மையைவிடப் பெரிதாகத் தோன்றும். உயர்ந்த வெப்பநிலையில் குறிகள் இணைந்தபின் நேர்மாறு: மிஞ்சியிருக்கும் அகலம், இடமாற்றம் இன்னும் மெதுவாகத்தான் நடக்கிறது என்ற தோற்றத்தைத் தந்து k-ஐச் சிறிதாக்கும். கோட்டின் ஒரு முனை மேலே தூக்கப்பட, மறுமுனை கீழே அமுக்கப்படுகிறது. இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்யாமல் கைகோத்துக்கொண்டு கோட்டைப் படுக்க வைக்கின்றன. பயன்படும் வெப்பநிலை வீச்சும் குறுகலாகையால், சாய்வு மூன்றில் ஒன்றாகிவிட்டது.

இதைக் கண்டுபிடிக்கப் புதிய கருவி ஏதும் வேண்டியதில்லை. 393 கெல்வினில் வினாடிக்கு 20 முறை என்பதையும் 7 கிலோகலோரியையும் ஒன்றாக வைத்து, அரீனியஸ் சமன்பாட்டின் முன்னெண்ணைக் கணக்கிடுங்கள். வினாடிக்கு ஒன்றரை லட்சம் வரும். ஒரு மூலக்கூறின் உள்ளே நிகழும் எளிய திருப்பத்துக்கு அது ஏறத்தாழ எட்டு லட்சம் கோடியாக இருக்க வேண்டும். தடையைத் தாண்டத் தேவையான ஆற்றல் கைவந்த பிறகும் ஐந்து கோடி முயற்சிகளில் ஒன்றுதான் பலிக்கும் என்றாகிறது. ஒரு பிணைப்பு திரும்புவதற்கு இப்படி ஒரு தயக்கம் ஏன்? சரி, முன்னெண் வழக்கமானதே என்று வைத்துக்கொண்டு 7ஐ நம்புவோம் என்றால் இன்னும் மோசம்: குறிகள் சுமார் −136 செல்சியஸிலேயே இணைந்திருக்க வேண்டும். இத்திரவம் −61இலேயே உறைந்துவிடும். திரவ நிலையில் யாரும் இரண்டு குறிகளைக் கண்டிருக்கவே முடியாது.

குறியின் உச்சிகளையும் இடைவெளிகளையும் மட்டும் அளக்காமல், நிறமாலையின் வடிவம் முழுவதையும் கணிப்பொறியால் கணக்கிட்டு ஒப்பிடும் பழக்கம் வந்த பின்னரே இது திருந்தியது. ரபினோவிட்ஸ், பைன்ஸ் இருவரும் 1969இல் அவ்வாறு செய்து 20 கிலோகலோரிக்குச் சற்று மேல் கண்டனர். என் கருத்தில், 1956ஆம் ஆண்டுக் கட்டுரையின் குறை தவறான எண் அன்று. அன்றைய கருவிக்கு அது மன்னிக்கத் தக்கதே. முன்னெண்ணின் விபரீதம் எச்சரித்தும், சாய்வின் மீது ஐயம் வேண்டிய அளவு எழவில்லை என்பதே குறை.

இந்த வாதம் கரைப்பானோடு முடிந்துவிடுவதில்லை. புரதச் சங்கிலியில் அமினோ அமிலங்களைக் கோக்கும் பெப்டைடுப் பிணைப்பும் ஓர் அமைடுதான். அதன் தடையும் 20 கிலோகலோரியை ஒட்டியதே. 1951இல் பாலிங், கோரி, பிரான்சன் மூவரும் இப்பிணைப்பைத் தட்டையான தகடாகக் கொண்டே ஆல்ஃபா சுருளைக் கண்டனர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோர் 1963இல் வரைந்த படத்துக்கும் அதே தகடுதான் அடிப்படை. மூன்றாவது கோணத்தை 180 பாகையில் நிறுத்திவிட்டால் ஒவ்வோர் அலகுக்கும் இரண்டே கோணங்கள் மிஞ்சும்; ஒரு தாளில் வரைந்துவிடலாம்.

தகடு எத்தனை விறைப்பானது? θ பாகை திருகுவதற்கான ஆற்றல், தடையின் உயரத்தை sin²θ ஆல் பெருக்கியது என்று தோராயமாகக் கொள்ளலாம். தடை 21 எனில், 10 பாகை திருக 0.63 கிலோகலோரி ஆகும். அறை வெப்பநிலையின் RT 0.59. அதாவது வெப்ப அசைவே அத்திருகலை அவ்வப்போது உண்டாக்கப் போதும். சராசரி விலகலைக் கணக்கிட்டால் சுமார் 7 பாகை வருகிறது. எக்ஸ்-கதிர் முறையில் கண்ட புரத வடிவங்களில் இந்தக் கோணம் 180இலிருந்து ஏறத்தாழ 6 பாகை அளவில் சிதறியிருப்பதைக் காண்கிறோம். தடை 7 ஆக இருந்தால் சிதறல் 12 பாகையாகும். தகடு என்ற பெயரே பொருந்தாது.

'பெப்டைடுப் பிணைப்பு தட்டையானது. சுழலாது' என்று ஒரே மூச்சில் எழுதும் பாடநூல் வாக்கியத்தில் இரண்டு வேறு செய்திகள் குழம்பிக் கிடக்கின்றன. தட்டை என்பது பள்ளத்தின் அடியில் உள்ள விறைப்பு. அது சில பாகைகளுக்கு இடம் கொடுக்கிறது. சுழலாது என்பது மேட்டைத் தாண்டும் காலத்தைப் பற்றியது. அதுவும் முழு உண்மையன்று. 21 கிலோகலோரித் தடையானாலும் 25 செல்சியஸில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை என்ற கணக்கில் திருப்பம் நடக்கத்தான் செய்கிறது. பெரும்பாலான பெப்டைடுகளில் டிரான்ஸ் வடிவமே மிகுதியாக விரும்பப்படுவதால் இது வெளியே தெரிவதில்லை. புரோலின் வரும் இடத்தில் சிஸ் வடிவமும் ஓரளவு நிலைக்கிறது. அங்கே தவறான பக்கம் திரும்பி நிற்கும் சங்கிலி, சரியான பக்கம் திரும்பும்வரை மடிந்து முடிக்க முடியாமல் காத்திருக்கிறது. ரைபோநியூக்ளியேஸ் என்ற புரதத்தின் ஒரு பகுதி மட்டும் மெதுவாக மடிவதற்கு இதுவே காரணம் என்று பிராண்ட்ஸும் அவர் குழுவினரும் 1975இல் கூறினர். செல்லுக்கு அவ்வளவு நேரம் காத்திருக்கக் கட்டுபடியாகாது போலும். இந்த ஒரு திருப்பத்தை விரைவுபடுத்துவதற்கென்றே ஒரு நொதி இருப்பதை 1984இல் பிஷர் குழுவினர் கண்டறிந்தனர்.