கையிருப்பு காட்டாத பற்றாக்குறை

சபாக்களின் ஆண்டுப் பொதுக்குழுவுக்கு எழுதப்படாத ஒரு வரிசை உண்டு. குறித்த நேரத்தில் கோரம் சேராது. அரை மணி நேரம் ஒத்திவைத்து, வந்திருப்பவர்களை வைத்தே கூட்டம் தொடங்கும். செயலாளர் ஆண்டறிக்கை வாசிப்பார். பொருளாளர் கணக்கை வைப்பார். தலைவர் வரும் ஆண்டின் நிகழ்ச்சிகளை அறிவிப்பார். முன்மொழிபவரும் வழிமொழிபவரும் ஏற்கெனவே முடிவாகியிருப்பார்கள். சங்கீத சபா, தமிழ்ச் சங்கம், இலக்கிய வட்டம் எதுவானாலும் இந்த அமைப்பு பெரிதாக மாறுவதில்லை. கையில் தாள் இருந்த இடத்தில் இப்போது திரையும் ஸ்லைடும் வந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

இந்த வரிசையைப் பழைய சம்பிரதாயம் என்று தள்ளிவிட முடியாது. நடந்ததைச் சொல்பவர் ஒருவர், செலவானதைச் சொல்பவர் வேறொருவர் என்று பிரித்து வைத்ததில் ஒரு கண்காணிப்பு இருக்கிறது. செயலாளர் பதினான்கு நிகழ்ச்சி என்று வாசித்து, பொருளாளரின் கணக்கில் பதினோரு அரங்க வாடகை மட்டும் இருந்தால், கவனித்துக் கேட்பவர் எழுந்து நிற்கலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ்ப் பதிவான அமைப்பு தன் கணக்கை ஆண்டுதோறும் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் வேண்டும். ஆகவே தணிக்கையான கணக்கு எப்படியும் தயாராகத்தான் செய்யும். அது உறுப்பினருக்குப் புரியும்படி வைக்கப்படுகிறதா என்பதுதான் கேள்வி.

செயல்பாட்டுப் பகுதியின் நீளத்தைப் பலர் குறை சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. யார் பாடினார், யார் வயலின், யார் மிருதங்கம், எந்தத் தேதி, எந்த அரங்கம் என்ற பட்டியல் கேட்க அலுப்பாக இருக்கலாம். ஐம்பது ஆண்டு கழித்து அந்த ஊரின் இசை வரலாற்றை எழுத உட்காருபவருக்கு அதுதான் கிடைக்கும். அச்சிட்ட அறிக்கை இதைத் தந்தது. ஸ்லைடு தருவதில்லை. திரையில் பொன்னாடை போர்த்தும் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். கூட்டம் முடிந்ததும் அந்தக் கோப்பு யாருடைய மடிக்கணினியில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. எனவே முழுப் பட்டியலைத் தாளில் கொடுத்துவிட்டுத் திரையில் வேறு ஒன்றைக் காட்டுவது நல்லது. சென்ற பொதுக்குழுவில் அறிவித்தவை ஒரு பக்கம், அவற்றில் நடந்தவை மறுபக்கம். நடக்காதவற்றுக்கு எதிரே காரணம்: கலைஞர் தேதி மாற்றினார், ஆதரவாளர் பின்வாங்கினார், அரங்கம் கிடைக்கவில்லை. இந்த ஒரு ஸ்லைடைப் போட நிர்வாகக் குழுக்கள் தயங்குகின்றன. ஆனால் வரும் ஆண்டின் அறிவிப்பை எவ்வளவு நம்பலாம் என்பதை உறுப்பினர் அளந்து பார்க்க இதைவிட நேரான வழி இல்லை.

வந்தவர் எண்ணிக்கையும் இந்தப் பகுதியில்தான் வருகிறது. "அரங்கு நிறைந்த கூட்டம்" என்ற சொற்றொடருக்கு அளவு கிடையாது. கச்சேரி தொடங்கி அரை மணி நேரத்தில் ஒரு முறையும், தனி ஆவர்த்தனத்துக்குச் சற்று முன் ஒரு முறையும் எண்ணிப் பார்த்தால் போதும். தனி தொடங்கியபின் எண்ணினால் கேன்டீனையும் சேர்த்து எண்ண வேண்டியிருக்கும்.

உண்மையான பிழை கணக்குப் பகுதியில் இருக்கிறது. அதுவும் திருட்டு, முறைகேடு என்ற வகையில் அல்ல. எல்லாம் நேர்மையாக இருக்கும்போதே வரும் பிழை. பெரும்பாலான சிறிய சபாக்களில் திரையில் காட்டப்படுவது பெறுதல்–செலுத்தல் கணக்கு. ஆண்டுத் தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது, எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, மீதி எவ்வளவு என்ற எளிய கணக்கு. வீட்டுச் செலவு எழுதிப் பழகிய எவருக்கும் புரியும். அதன் பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான். பணம் எந்த ஆண்டுக்கு உரியது என்று அது பார்ப்பதில்லை. வருமானமா, சேமிப்பை உடைத்ததா என்றும் பார்ப்பதில்லை.

கற்பனையாக ஒரு மாவட்டத் தலைநகரின் சபாவை எடுத்துக்கொள்வோம். ஆண்டுத் தொடக்கத்தில் வங்கியில் 1,20,000 ரூபாய். ஆண்டில் வந்தது 9,60,000. செலவானது 8,40,000. முடிவில் இருப்பு 2,40,000. "கையிருப்பு இரு மடங்காகியிருக்கிறது" என்று பொருளாளர் சொல்வார். கைதட்டல் எழும். அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.

இப்போது அந்த 9,60,000-ஐப் பிரித்துப் பார்ப்போம். அதில் 2,00,000 முதிர்ந்து திரும்பிய நிரந்தர வைப்பு. சபாவின் சொந்தப் பணம் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு வந்தது. 80,000 புதிதாகச் சேர்ந்த எட்டு ஆயுள் உறுப்பினர்களின் கட்டணம். அவர்களுக்கு இனி ஆயுள் முழுவதும் இடம் தர வேண்டும், எனவே அது மூலநிதியில் சேர வேண்டிய பணம். இன்னொரு 30,000 அடுத்த ஆண்டுச் சந்தாவை முன்கூட்டியே கட்டியவர்களுடையது. இம்மூன்றையும் கழித்தால் இந்த ஆண்டுக்கென்று வந்தது 6,50,000 மட்டும். மலர் விளம்பரத்தில் வரவேண்டிய நிலுவை 45,000 உண்டு. அது வந்துவிடும் என்று நம்பிச் சேர்த்தால் வருவாய் 6,95,000.

செலவுப் பக்கத்தில், கொடுத்த 8,40,000-இல் அடுத்த டிசம்பர் விழாவுக்கான அரங்க முன்பணம் 50,000 அடங்கியிருக்கிறது. அது இந்த ஆண்டுச் செலவல்ல. ஆனால் ஒலி, ஒளி அமைத்தவருக்கு இன்னும் கொடுக்காத பில் 40,000 இருக்கிறது. அது இந்த ஆண்டுச் செலவுதான். ஆக மொத்தம் 8,30,000. வருவாயைக் கழித்தால் 1,35,000 பற்றாக்குறை. கையிருப்பு இரட்டித்த அதே ஆண்டில் சபா நட்டத்தில் நடந்திருக்கிறது.

இந்த உண்மையைச் சொல்வது வருவாய்–செலவினக் கணக்கும் இருப்புநிலைக் குறிப்பும். தணிக்கையாளர் இரண்டையும் தயாரித்துக் கொடுத்திருப்பார். அவை கோப்பில் இருக்கும், திரையில் இராது. இருப்புநிலைக் குறிப்பைத் திரையில் அப்படியே போட்டால் யாருக்கும் புரியாது என்பதும் உண்மை. அதற்குப் பதிலாக ஒரே ஒரு ஸ்லைடு போதும். கையிருப்பு 2,40,000 என்று மேலே எழுதி, அதன் கீழே இதில் மூலநிதிக்குப் போக வேண்டியது எவ்வளவு, முதிர்ந்த வைப்பில் மீண்டும் வங்கியில் போட வேண்டியது எவ்வளவு, கொடுக்க வேண்டிய பில் எவ்வளவு, முன்கூட்டி வந்த சந்தா எவ்வளவு என்று கழித்துக்கொண்டே வரலாம். நம் எடுத்துக்காட்டில் கழிக்க வேண்டிய இந்த நான்கையும் கூட்டினால் 3,50,000. இருப்பைவிட 1,10,000 கூடுதல். அதாவது அடுத்த நிகழ்ச்சிக்கென்று சுதந்திரமாகச் செலவழிக்கக் கையில் ஒரு ரூபாயும் இல்லை. இந்தக் கழித்தலைப் பார்க்காமல் வரும் ஆண்டின் நிகழ்ச்சிகளுக்குக் கைதூக்குவதில் அர்த்தமில்லை.

இதைக் கண்டுபிடிக்க உறுப்பினர் கணக்காளராக இருக்க வேண்டியதில்லை. இரண்டு தடயங்களைப் பார்த்தால் போதும். வட்டி விகிதம் இறங்காமலே வைப்புநிதி வட்டி சென்ற ஆண்டைவிடக் குறைந்திருந்தால் எங்கோ வைப்பு உடைந்திருக்கிறது. ஆயுள் உறுப்பினர் கட்டணம் கணக்கில் சந்தாவோடு ஒரே வரியில் சேர்ந்திருந்தால் மூலநிதி அன்றாடச் செலவில் கரைகிறது.

வரும் நிகழ்ச்சிகள் பகுதிக்கு வந்தால், அறக்கட்டளைச் சொற்பொழிவுகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். பல சங்கங்களில் யாரோ ஒரு குடும்பம் பெற்றோர் நினைவாக ஒரு தொகையை வைப்பிலிட்டு, அதன் வட்டியில் ஆண்டுக்கொரு சொற்பொழிவு நடத்தச் சொல்லியிருக்கும். 1990களில் 12 விழுக்காட்டு வட்டி கிடைத்த நாளில் 50,000 ரூபாய் வைத்திருந்தால் ஆண்டுக்கு 6,000 வந்தது. பேச்சாளரின் ரயில் கட்டணம், தங்குமிடம், சன்மானம், அழைப்பிதழ் எல்லாவற்றுக்கும் அது கண்டது. இன்று 7 விழுக்காடு கிடைத்தாலும் 3,500தான். செலவோ பல மடங்கு. மீதியைச் சங்கம் தன் பொது நிதியிலிருந்து போடுகிறது. அறிக்கை மட்டும் "அறக்கட்டளைச் சொற்பொழிவு சிறப்பாக நடைபெற்றது" என்கிறது. கொடுத்த குடும்பத்துக்கும் தெரியாது, உறுப்பினருக்கும் தெரியாது. இத்தகைய பொழிவுகள் ஏழெட்டு இருந்தால், கௌரவத்துக்காக ஏற்றுக்கொண்டவையே பொது நிதியை மெல்லத் தின்னும். ஒவ்வொரு அறக்கட்டளைக்கும் எதிரே அசல், இவ்வாண்டு வட்டி, இவ்வாண்டுச் செலவு என்று மூன்று எண்களை எழுதினால், அந்தக் குடும்பத்தாரிடம் அசலைக் கூட்டித் தரும்படி கேட்கவோ, இரண்டு பொழிவுகளை ஒரே மாலையில் சேர்க்கவோ பொதுக்குழுவே முடிவெடுக்கலாம்.

மற்ற நிகழ்ச்சிகளையும் பணத்தின் நிலையை வைத்தே வகைப்படுத்திச் சொல்ல வேண்டும்: பணம் வந்துவிட்டவை, வாக்கு மட்டும் வந்தவை, ஆசையில் இருப்பவை. மூன்றையும் ஒரே வண்ணத்தில் நாட்காட்டியில் அச்சிடுவதுதான் இன்றைய வழக்கம்.

ஆகவே நான் முன்வைக்கும் அறிக்கை அமைப்பில் பழைய மூன்று பகுதிகளும் இருக்கும்; ஆனால் ஒவ்வொரு நிகழ்ச்சியோடும் அதன் நிகரச் செலவு ஒட்டியே வரும். இதன் குறையையும் மறைக்க விரும்பவில்லை. நிகரச் செலவைத் திரையில் போட்ட அன்றே நாகஸ்வரக் கச்சேரிக்கு ஆபத்து தொடங்குகிறது. மெல்லிசை மாலை ஒன்று, நுழைவுச்சீட்டும் ஆதரவாளர் தொகையும் சேர்ந்து, 10,000 மிச்சம் காட்டும். நாகஸ்வரம், தவில் குழுவுக்கு 45,000 செலவாகி, அறுபது பேர் கேட்டிருப்பார்கள். கூட்டத்தில் ஒருவர் எழுந்து "இதை நிறுத்தி அதையே இரண்டு முறை வைக்கலாமே" என்பார். தொகை தெரியாத நாளில் யாரும் கேட்காத கேள்வி அது. பழைய வரிசை கலையைப் பணத்திலிருந்து பிரித்து வைத்ததால் சில கலைகள் தப்பிப் பிழைத்தன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அதற்கு மாற்று, எண்ணை ஒளிப்பதல்ல. எந்த நிகழ்ச்சியைச் சபா நட்டத்துக்கென்றே நடத்துகிறது என்பதை முன்கூட்டித் தீர்மானமாக நிறைவேற்றுவது. ஆண்டு வருவாயில் இன்ன பங்கு வரவேற்பு குறைந்த கலைகளுக்கு என்று ஒரு முறை கைதூக்கிவிட்டால், அந்த 45,000 இழப்பு என்ற தலைப்பில் வராது, ஒதுக்கீடு என்ற தலைப்பில் வரும். ஒதுக்கீட்டைத் தாண்டினால் மட்டும் கேள்வி எழும்.

இன்னொரு சிக்கலுக்கு எனக்கு முழு விடை இல்லை. நிகழ்ச்சிவாரியாகச் செலவு சொன்னால் முதன்மைக் கலைஞரின் சன்மானம் வெளியே வந்துவிடும். சபாக்கள் இதை ரகசியமாக வைப்பதற்குப் பேரம் மட்டும் காரணமல்ல. பக்கவாத்தியக்காரருக்குக் கிடைப்பது அதில் எத்தனை சிறு பங்கு என்பதும் காரணம். மூத்தோர் மேடை, இளையோர் மேடை, பக்கவாத்தியம் என்று மூன்று தொகுப்புகளாகக் கூட்டி, தனிப்பெயர் இல்லாமல் காட்டலாம். மூத்தோர் மேடையில் அந்த ஆண்டு ஒருவர்தான் பாடினார் என்றால் தொகுப்பு பயனில்லாமல் போகும். அப்படிப்பட்ட ஆண்டில் அவர் கச்சேரியின் மொத்தச் செலவை அரங்கம், ஒலி, சன்மானம் எல்லாம் சேர்த்து ஒரே எண்ணாகத்தான் சொல்ல முடியும். பக்கவாத்தியத் தொகையை மட்டும் விடாமல் தனி வரியாக வைக்க வேண்டும்.