ஒரு சிற்பக்கூடத்தின் விகிதத் தாள்

ஈராண்டு நிதி அறிக்கைகளிலிருந்து தயாரித்த விகிதத் தாளை இரண்டு கேள்விகளால் அளக்கலாம். ஒவ்வொரு விகிதமும் சரியாக வகுக்கப்பட்டிருக்கிறதா? வகுத்து வந்த விகிதங்கள் அனைத்தும் ஒரே நிறுவனத்தைப் பற்றித்தான் பேசுகின்றனவா? பெரும்பாலான தாள்கள் முதல் கேள்வியில் தேறிவிடுகின்றன, இரண்டாவதில் விழுகின்றன. இங்கே மதிப்பிடும் தாளும் அந்த வகைதான்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் இத்தகைய தாளுக்கு மிகக் கடினமான சோதனை மாமல்லபுரத்துக் கற்சிற்பத் தொழில். 2017இல் புவிசார் குறியீடு பெற்ற தொழில் இது. கல் வாங்கிய நாளுக்கும் சிலை கூடத்தை விட்டுப் போகும் நாளுக்கும் இடையே மாதங்கள் ஓடும். கோயில் திருப்பணிக் குழுவுக்குச் செய்யும் மூர்த்தி முன்பணத்தோடு தொடங்கும். கடையில் வைக்கும் பிள்ளையார் யாரும் கேட்காமலே தொடங்கும். கணக்கில் இரண்டும் ‘சரக்கிருப்பு’ என்ற ஒரே வரியில் போய் அமர்கின்றன. பின்வரும் எண்கள் எந்தக் குறிப்பிட்ட கூடத்துடையவையும் அல்ல. இத்தொழிலின் போக்கைத் தழுவி, வங்கியில் கேஷ் கிரெடிட் வரம்பை உயர்த்தக் கேட்கும் ஓர் உரிமையாளருக்காக அமைத்த மாதிரி.

2022-23இல் விற்பனை 120 லட்சம், அடுத்த ஆண்டு 132 லட்சம். விற்ற சரக்கின் அடக்க விலை 78 லட்சத்திலிருந்து 84 லட்சமானது. மார்ச் 31 அன்று சரக்கிருப்பு 26 லட்சமாக இருந்தது, மறு ஆண்டு 49 லட்சம். வாடிக்கையாளரிடமிருந்து வரவேண்டியது 20 லட்சம், பிறகு 33 லட்சம். ரொக்கமும் வங்கி இருப்பும் 9 லட்சத்திலிருந்து 3 லட்சத்துக்கு இறங்கின. நடப்புப் பொறுப்புகளின் பக்கம் கல் வியாபாரிகளுக்குத் தரவேண்டியது 12, பிறகு 14. வாடிக்கையாளர் முன்பணம் 10, பிறகு 6. கேஷ் கிரெடிட் 18, பிறகு 28. ஆக நடப்புச் சொத்துகள் 55 லட்சத்திலிருந்து 85 லட்சமாயின, நடப்புப் பொறுப்புகள் 40 லட்சத்திலிருந்து 48 லட்சமாயின.

தாளின் சிறப்பை முதலில் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு விகிதத்துக்கும் பக்கத்தில் அதன் வாய்பாடு எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கும் ஒரே வாய்பாடு, ஒரே வகைப்பாடு. எந்த எண்ணையும் இருப்புநிலைக் குறிப்பில் விரல் வைத்துக் காட்டிவிடலாம். 25 விழுக்காட்டுக்கு மேல் மாறிய விகிதங்களுக்கு விளக்கம் எழுத ஒரு பத்தியும் உண்டு. கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை 2021இல் திருத்தப்பட்டபோது கம்பெனிகளுக்குக் கட்டாயமான ஒழுங்கு அது. தனி உரிமையாளரை அது கட்டுப்படுத்தாது என்றாலும் தயாரித்தவர் தாமாக ஏற்றிருக்கிறார். முறைமையில் இந்த அக்கறை பாராட்டுக்குரியது. குறையைக் கண்டுபிடிக்க நமக்கு வழி திறந்து வைத்திருப்பதும் இந்த அக்கறைதான்.

இனி நீர்மைத்தன்மை. நடப்பு விகிதம் 1.38இலிருந்து 1.77 ஆகியிருக்கிறது; ‘கணிசமான முன்னேற்றம்’ என்பது தாளின் குறிப்பு. 1975இன் டாண்டன் குழு அறிக்கைக்குப் பிறகு வங்கிகளின் கையில் நிலைத்துப்போன அளவுகோல் 1.33. அதைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டதால் வரம்பை உயர்த்தலாம் என்பது தாளின் வாதம். சில வரிகள் கீழே சரக்கிருப்பு நாட்களும் வசூல் நாட்களும் கூடியிருப்பதைத் தாளே ஒப்புக்கொண்டு ‘கவனிக்க வேண்டும்’ என்கிறது. மேலே முன்னேற்றம், கீழே எச்சரிக்கை. இரண்டும் ஒரே நிகழ்வு என்பதைத் தாள் காணவில்லை. என் முதன்மையான மறுப்பு இதுதான்.

அந்த உயர்வு எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பாருங்கள். விற்காத சிலைகளால் நடப்புச் சொத்தில் 23 லட்சம் கூடியது, வசூலாகாத பில்களால் 13 லட்சம் கூடியது, கையிருப்பில் 6 லட்சம் கரைந்தது. உடனே செலவிடக்கூடிய ஒரே சொத்து குறைந்திருக்க, விகிதம் ஏறியிருக்கிறது. ரொக்கத்தை மட்டும் நடப்புப் பொறுப்புகளோடு ஒப்பிட்டால் 0.23 என்பது 0.06 ஆகிவிட்டது. விரைவு விகிதம் 0.73இலிருந்து 0.75 என ஏறக்குறைய அசையாமல் நிற்பதைத் தாள் ஆறுதலாகக் காட்டுகிறது. சரக்கை நீக்கிய பிறகும் அந்த விகிதம் நிற்பது பழைய பில்களின் தோளில்தான்.

முன்பணத்தின் கதை இன்னும் நுட்பமானது. அது நடப்புப் பொறுப்பு. ஆனால் பணமாகத் திருப்பித் தரவேண்டியதன்று, சிலையாகத் தரவேண்டியது. 10 லட்சம் 6 லட்சமாகக் குறைந்ததால் வகுக்கும் எண் சிறுத்து நடப்பு விகிதத்துக்கு அனுகூலமாயிற்று. தொழிலில் அதன் பொருளோ ஆர்டர்கள் மெலிந்தன என்பது. முன்பணம் குறைந்து சரக்கு பெருகினால், கேட்டுச் செய்த வேலை குறைந்து, கேளாமல் செய்த வேலை கூடியிருக்கிறது என்று ஊகிக்க இடமுண்டு. சிற்பத் தொழிலை அறிந்தவர் இந்த இரண்டு வரிகளையும் சேர்த்தே படிப்பார். தாள் அவற்றைச் சேர்க்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நடப்புச் சொத்து 30 லட்சம் வளர, நடப்புப் பொறுப்பு 8 லட்சம்தான் வளர்ந்தது. மீதி 22 லட்சத்தில் 8 லட்சம் தொழிலில் விட்டுவைத்த லாபம், 14 லட்சம் உறவினரிடம் வாங்கிய கைமாற்று. அது நீண்டகாலக் கடனாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. எழுத்தில் தவணை இல்லாத கைமாற்றை அப்படி வைப்பதற்கு, கொடுத்தவர் இப்போதைக்குக் கேட்க மாட்டார் என்ற உறுதிக் கடிதமாவது வேண்டும். அவர் இந்த ஆண்டுக்குள் கேட்டால் நடப்புப் பொறுப்பு 62 லட்சம், விகிதம் 1.37. ஒரே ஒரு வகைப்பாட்டின் மேல் மொத்த ‘முன்னேற்றமும்’ நிற்கிறது.

நாட்களைக் கணக்கிட்ட முறையில் பிழை வேறு வகை. சரக்கிருப்பைத் தாள் விற்பனையால் வகுத்து 365ஆல் பெருக்கியிருக்கிறது. 79 நாள் 135 ஆகிறது. சரக்கு அடக்க விலையில் நிற்கிறது, விற்பனை லாபத்தையும் சேர்த்து நிற்கிறது. இரண்டையும் ஒப்பிட்டால் நாட்கள் எப்போதும் குறைவாகவே தெரியும். பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் வழிகாட்டுக் குறிப்பு இரண்டு முறைகளையும் அனுமதிக்கிறது என்பது உண்மை. ஆனால் மொத்த லாபம் 35 விழுக்காட்டுக்கு மேல் உள்ள தொழிலில் இடைவெளி பெரிது. அடக்க விலையால் வகுத்தால் 122 நாள் 213 ஆகிறது. நான்கு மாதச் சரக்கு ஏழு மாதச் சரக்காயிற்று.

இதற்கு நியாயமான ஒரு பதில் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் கும்பாபிஷேகம் வைப்பதில்லை. தை பிறந்து ஆனி வரை நாள் குறிப்பார்கள். மார்ச் கடைசியில் முடிந்த மூர்த்திகள் கூடத்தில் காத்திருப்பது இயல்பு. ஆகவே ஆண்டிறுதி இருப்பு சராசரி ஆண்டைக் காட்டாது. ஏற்கிறேன். ஆனால் இரண்டு ஆண்டுகளும் அதே மார்ச் 31இல்தான் முடிகின்றன. பருவம் இரண்டையும் ஒரே அளவில் உயர்த்துமே தவிர, இடையிலுள்ள 91 நாளை விளக்காது. இரண்டு மார்ச்சுகளின் சராசரியை எடுத்து 163 நாள் என்று தணிப்பதும் பருவக் குறையைத் தீர்க்காது. மாதந்தோறும் வங்கிக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்டுகள் பன்னிரண்டும் ஏற்கெனவே கோப்பில் இருக்கின்றன. சராசரி அவற்றிலிருந்து வந்திருக்க வேண்டும்.

வசூல் நாட்களில் தாள் 61ஐயும் 91ஐயும் காட்டுகிறது. கடற்கரைக் கோயில் பக்கம் சுற்றுலாப் பயணிக்கு விற்கும் சிறு சிலைகளுக்கு அன்றே பணம் வந்துவிடும். அந்த ரொக்க விற்பனை 36 லட்சமும் 30 லட்சமும் என்று லாப நட்டக் கணக்கின் குறிப்பே சொல்கிறது. கடன் விற்பனையை மட்டும் எடுத்தால் 87 நாள் 118 ஆகிறது. சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் பணம் தரும் கெடு 45 நாளைத் தாண்டக்கூடாது என்கிறது. பில் எத்தனை நாள் பழையது என்று பிரித்த பட்டியல் தாளில் இல்லை. 90 நாளைத் தாண்டிய பில்களை வங்கிகள் பொதுவாகக் கடன் தகுதிக் கணக்கில் சேர்ப்பதில்லை. எனவே 33 லட்சத்தில் எவ்வளவு செல்லும் என்பது தெரியாமலே வரம்பு கேட்கப்பட்டிருக்கிறது.

மாற்றத்துக்கான விளக்கப் பத்தியில் இந்த உயர்வுகள் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்: ‘விற்பனை வளர்ச்சி’. விற்பனை வளர்ந்தது 10 விழுக்காடு, கடன் பாக்கி வளர்ந்தது 65, சரக்கு வளர்ந்தது 88. காரணம் விளைவுக்குப் போதாது. அந்தப் பத்தியைச் சேர்த்த அக்கறை, அதை நிரப்பியபோது காணாமல் போயிற்று.

லாபத்தன்மை வரிகளில் மேலோட்டமாகக் குறையில்லை. மொத்த லாபம் 35 விழுக்காட்டிலிருந்து 36.4, வட்டி 4 லட்சத்திலிருந்து 6.4 லட்சமானதால் நிகர லாபம் 11.7இலிருந்து 11.1. ஆனால் இறுதிச் சரக்கின் மதிப்பு நேராக மொத்த லாபத்துக்குள் நுழைகிறது. முடிந்த சிலையை அடக்க விலையில் எழுதாமல், கடையில் ஒட்டிய விலையில் எழுதினால் விற்காத லாபம் கணக்கில் ஏறும். 49 லட்சத்தில் 6 லட்சம் அப்படி ஏறியிருந்தால், மொத்த லாபம் 31.8 விழுக்காடு, நிகர லாபம் 6.5. சரிபார்க்க வழியிருக்கிறது. கல்லின் விலை பில்லில் உண்டு, சிற்பிகளின் கூலி வாரப் பதிவில் உண்டு. ஒவ்வொரு சிலைக்கும் இவ்விரண்டையும் கூட்டி, இருப்புப் பட்டியலில் எழுதிய மதிப்போடு வைத்துப் பார்த்தால் போதும். மற்றச் செலவுகளின் விகிதம் மாறாமல் மொத்த லாபம் ஏறும்போதெல்லாம், சரக்கும் சேர்ந்து பெருத்திருந்தால், முதல் சந்தேகம் மதிப்பீட்டின் மேல்தான் விழ வேண்டும்.

சரக்கு நாட்களோடு வசூல் நாட்களைக் கூட்டி, கல் வியாபாரி தரும் 56, 61 நாட்களைக் கழித்தால் பணம் மீளும் காலம் 153 நாளிலிருந்து 270 ஆகிறது. அடக்க விலையிலும் விற்பனை விலையிலும் கணித்த நாட்களைக் கூட்டுவது துல்லியமன்று. திசையைக் காட்ட அது போதும். இந்த ஒரு வரி தாளில் இருந்திருந்தால், 1.77ஐ முன்னேற்றம் என்று எழுதக் கை துணிந்திராது.

தீர்ப்பு இது. கணிதப் பயிற்சியாகத் தாள் தேறுகிறது, மதிப்பீடாகத் தேறவில்லை. இருக்கும் கேஷ் கிரெடிட் வரம்பைப் புதுப்பிக்க இதில் இடமுண்டு, உயர்த்த இடமில்லை. சரக்கை ஆர்டருக்குச் செய்தது, கடைக்குச் செய்தது என இரண்டாகப் பிரித்தும், பாக்கிகளை வயதுவாரியாக எழுதியும், கைமாற்றுக்கு உறுதிக் கடிதம் இணைத்தும் மீண்டும் கொண்டுவரச் சொல்ல வேண்டும். ஆர்டர் சரக்கு பாதிக்கு மேல் இருந்தால் 213 நாளைப் பற்றிய என் கண்டிப்பைத் தளர்த்தத் தயார். பாதிக்குக் கீழே இருந்தால், கூடத்துக்கு இப்போது தேவை பெரிய வரம்பன்று, கையிலிருக்கும் சிலைகளை விற்றுத் தீர்க்கும் வரை புதுக் கல் வாங்காத சில மாதங்கள்.