கெட்டேன், கேட்டேன்

நண்பர் ஒருவர், கவிஞர், என் மேஜை மீது கிடந்த ஒரு கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டு, "இதை அப்படியே, ஒரு எழுத்தும் மாற்றாமல், கவிதையாகப் போடலாம்" என்றார். அவர் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. இக்கட்டுரை அவருக்குச் சொல்ல வேண்டிய பதில்; அன்று நேரில் சொல்ல வரவில்லை.

கடிதம் எழுதியவன் ஒரு கல்லூரி மாணவன். வீட்டில் தெலுங்கு. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திரக் கிராமத்தில் தெலுங்குப் பள்ளியில் எட்டு வரை படித்தவன். தகப்பனார் வாணியம்பாடியில் தோல் பதனிடும் வேலைக்கு வந்த பிறகு இங்கே தொடர்ந்தான். தமிழ் அவனுக்குத் தெருவில் கிடைத்தது, தெலுங்கும் உருதும் கலந்தே ஒலிக்கும் தெருவில். எழுத்து பின்னால் வந்தது. நான் வேலை பார்க்கும் கிளையில் கல்விக் கடன் விண்ணப்பத்தோடு ஒரு கடிதமும் வைக்கச் சொல்லியிருந்தார்கள். ஆங்கிலத்தில் எழுதலாம் என்று சொல்லியும் தமிழில்தான் எழுதுவேன் என்று எழுதிக் கொண்டுவந்தான். அவன் அனுமதியோடு சில வரிகள்:

"ஐயா, நாந் போந மாதம் கல்விக் கடந் கெட்டென். முன்று தடவை வந்தென். எங்கல் விட்டில் ஏளு பெர். அப்பா தொல் பதநிடும் இடத்தில் வெலை செய்கிரார். பெத்தொர் படிக்காதவர்கல். பணம் கட்ட இந்நும் பத்து நாட்கல் தாந் இருக்கு."

'கடன் கேட்டேன்' என்பது 'கெட்டென்' ஆகிவிட்டது. கடன் கேட்டவன் கெட்டான் என்று நண்பர் அதில் ஒரு தரிசனத்தைக் கண்டார். வங்கிக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் பத்து வருஷங்கள் உட்கார்ந்தவன் என்ற முறையில் அந்த வாசகத்தின் வாஸ்தவத்தை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அது அவன் சொன்னதல்ல. ஒரு பிழையைக் கவிதையாக ரசிப்பதற்கும், பிழை என்று சிரிப்பதற்கும் அதிக தூரம் கிடையாது. இரண்டிலும் எழுதினவன் என்ன செய்தான் என்று யாரும் பார்ப்பதில்லை.

பார்த்தால், இந்தக் கடிதத்தில் ஒரே ஜாதிப் பிழைகள் இல்லை. காதில் பிறந்தவை, கண்ணில் பிறந்தவை, அவனுடைய பாஷையிலிருந்து வந்தவை, நம்முடைய பாஷையிலிருந்தே வந்தவை என்று வெவ்வேறானவை ஒரே தாளில் கிடக்கின்றன.

முதலில் குறில் நெடில். தெலுங்கனுக்கு எகர ஏகார வித்தியாசம் தெரியாது என்று எங்கள் கிளையில் ஒருவர் சொன்னார். தவறு. தெலுங்கில் எ, ஏ, ஒ, ஓ நான்கும் தனித்தனி எழுத்துகளாக உண்டு. இந்தி பேசுகிறவன் இங்கே தடுமாறினால் காது காரணமாக இருக்கலாம். தெலுங்கு பேசுகிறவனுக்கு அந்தச் சாக்கு இல்லை. மதியச் சாப்பாட்டு வேளையில் அவனை உட்கார வைத்து, "தம்பி, நீ எழுதினதைப் படி" என்றேன். "கேட்டேன்" என்று நெடிலோடு சரியாகப் படித்தான். நான் 'கெட்டேன்' என்று வாயால் சொன்னபோது, "ஐயோ, அது வேற சார்" என்று சிரித்தான். காதில் பழுதில்லை, வாயிலும் இல்லை. கையில்தான்.

கை ஏன் தவறுகிறது? தெலுங்கில் மெய்யின் உடலை எழுதிவிட்டு அதன் தலைமேல் உயிர்க்குறியைப் போடுகிறார்கள். தமிழில் கொம்பு முன்னால் வருகிறது. 'கே' என்று எழுத, ககரத்தைத் தொடுவதற்கு முன்பே நெடிலா குறிலா என்று கை தீர்மானித்தாக வேண்டும். வித்தியாசமோ கொம்பின் மேல் ஒரு சிறு சுழி மட்டுமே. வேகமாக எழுதுகிறவன் ஒற்றைக் கொம்பைப் போட்டுவிட்டு ககரத்துக்குப் போய்விடுகிறான். 'வெலை', 'பெர்', 'தொல்' எல்லாம் இந்த வகை. அவன் 'ஏளு' என்பதில் தனி ஏகாரத்தைச் சரியாகப் போட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே கொம்பு இல்லை, குழப்பமும் இல்லை.

இந்த இடத்தில் நம் பண்டிதர்கள் கொஞ்சம் அடங்கி இருப்பது நல்லது. ஏனெனில் இந்தச் சுழி நம்முடைய பழைய சொத்து அல்ல. தொல்காப்பியத்தின்படி புள்ளி பெறுவது குறில். எகரத்துக்கும் ஒகரத்துக்கும் மேலே புள்ளி வைத்தால் குறில், வைக்காவிட்டால் நெடில். ஓலையில் புள்ளி குத்தினால் கிழிந்துவிடும் என்பதால் எழுதுகிறவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள். விளைவு, கெட்டானும் கேட்டானும் ஏட்டில் ஒரே உருவம். படிப்பவன் இடம் பார்த்து நிதானிக்க வேண்டியதுதான். இன்று நாம் எழுதும் மேற்சுழிக் கொம்பையும், ஏகாரத்தின் கீழ்க்கோட்டையும், ஓகாரத்தின் அடிச்சுழியையும் கொண்டுவந்தவர் வீரமாமுனிவர் என்று சொல்லப்படுகிறது. இத்தாலியிலிருந்து வந்த ஜெஸுவிட் பாதிரியார், 1747இல் காலமானவர். வேற்று பாஷைக்காரர் ஒருவருக்குத்தான் அந்தத் தொல்லை தொல்லையாகப் பட்டிருக்கிறது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது எதிரில் இருந்த சுவடிகளும் புள்ளியும் குறில் நெடில் பேதமும் சரிவர இல்லாதவைதாம். அந்தச் சுவடிகளைப் பார்த்து யாரும் எழுதினவனுக்குத் தமிழ் தெரியாது என்று சொல்லவில்லை.

'விட்டில்', 'முன்று' இரண்டும் இதற்குப் பக்கத்து வீடு. தெலுங்கில் உகர ஊகாரக் குறிகள் அநேகமாக எல்லா மெய்க்கும் ஒரே மாதிரி. தமிழிலோ கு-கூ ஒரு விதம், சு-சூ ஒரு விதம், து-தூ ஒரு விதம், மு-மூ ஒரு விதம். 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு பெரியார் எழுத்தை ஏற்று ஆணை போட்டபோது ணா, றா, னா, லை போன்ற பதின்மூன்று எழுத்துகள் ஒழுங்காயின. உகர வரிசையில் கை வைக்கவில்லை. வெளியிலிருந்து வருகிறவன் இன்னும் அந்த வரிசையில்தான் அதிகம் இடறுகிறான்.

இனி மெய்கள். ந, ன இரண்டுக்கும் தெலுங்கில் ஒரே எழுத்து. ஆகவே அவன் பல இடங்களில் 'ந' போட்டுவிட்டான்: நாந், போந, கடந், இந்நும். இதைத் திருத்துவது சுலபம். சொல்லின் முதலிலும் தகரத்துக்கு முன்னாலும் ந. மற்ற இடங்களில் ன. 'அநியாயம்', 'செய்நன்றி' போன்று முன்னால் ஏதோ ஒட்டிக்கொண்ட சொற்கள் மட்டும் விலக்கு. ஐந்து நிமிஷத்தில் புரிந்துகொண்டான். ஆனால் 'கெட்டென்', 'வந்தென்' என்ற வினைகளை விட்டால், முழுக் கடிதத்திலும் ஒரு சொல்லில் மட்டும் னகரம் சரியாக விழுந்திருக்கிறது: 'முன்று'. பேச்சில் அது 'மூணு'. ஆக அந்தச் சொல்லை அவன் தெருவில் கேட்கவில்லை, அச்சில் பார்த்திருக்கிறான். நெடிலைத் தவறவிட்டாலும் 'ன்று' கண்ணில் பதிந்திருக்கிறது.

ல, ள விஷயம் இதைவிட ருசியானது. தெலுங்கில் இரண்டும் உண்டு. கடிதத்தின் பின்பகுதியில் 'பள்ளி', 'வெள்ளிக்கிழமை' என்று ளகரத்தைச் சரியாகவே எழுதியிருக்கிறான். பிறகு 'எங்கல்', 'நாட்கல்', 'படிக்காதவர்கல்' எப்படி வந்தன? 'கள்' வரும் இடத்தில் மட்டும் தவறுகிறான், தவறாமல் தவறுகிறான். தெலுங்கின் பன்மை விகுதி 'லு'. 'புஸ்தகாலு', 'ரோஜுலு' என்று பல்லாயிரம் முறை சொன்ன நாக்கு, தமிழ்ப் பன்மை வந்ததும் அந்த லகரத்தைக் கொண்டுவந்து வைக்கிறது. எழுத்து தெரியாத பிழையல்ல இது. தாய்மொழியின் இலக்கணம் நம் மொழியின் சொல்லுக்குள் நின்று வேலை செய்கிறது.

இதற்கு நேர் எதிர் 'ஏளு'. தெலுங்கில் ஏழு என்பது 'ஏடு', கோழி என்பது 'கோடி'. நம் ழகரம் வரும் பல இடங்களில் அவர்களிடம் டகரம். தாய்மொழி இழுத்திருந்தால் அவன் 'ஏடு' என்று எழுதியிருப்பான். 'ஏளு' என்று எழுதியதால் அதை அவன் தமிழர் வாயிலிருந்துதான் கற்றான் என்று தெரிகிறது. 'பெத்தொர்' என்பதும் அப்படியே. றகர இரட்டையைத் தகரமாக உச்சரிப்பது நாம். அவன் கேட்டதை எழுதினான். இந்த இரண்டு பிழைகளும் நம்முடையவை. அவன் பேரில் எழுதப்பட்டிருக்கின்றன.

'செய்கிரார்' பற்றிச் சொல்லும்போது எனக்கே வெட்கம். அவனுக்கு 'கரி', 'கறி' என்று இரண்டையும் சொல்லி எழுதச் சொன்னேன். இரண்டையும் ஒரே மாதிரி எழுதிவிட்டு, "எது எது சார்?" என்றான். மறுபடி சொன்னேன். என் வாயிலும் இரண்டும் ஒன்றாகவே வந்தன. மூன்றாம் தடவை றகரத்தை முரட்டுத்தனமாக உருட்டினேன். அது நாடக மேடைத் தமிழ், நான் பேசும் தமிழ் அல்ல. தெலுங்கிலும் பழைய றகரம் ஒன்று உண்டு, வண்டி ர என்று பெயர். இப்போது வழக்கில் இல்லை, சாதாரண ரகரத்தில் கரைந்துவிட்டது. அவர்கள் ஒலி போனதும் எழுத்தையும் விட்டார்கள். நாம் பெரும்பாலான ஊர்களில் ஒலியை விட்டு எழுத்தை வைத்துக்கொண்டோம். நான் ர, ற பிழையில்லாமல் எழுதுவது என் காதின் நுட்பத்தால் அல்ல. ஆரம்பப் பள்ளியில் விழுந்த அடியால். இங்கே அவனுக்கு விதி சொல்ல முடியவில்லை. நிகழ்காலத்துக் 'கிற' எப்போதும் வல்லினம், சொல்லின் முதலில் றகரம் வராது, மிச்சமெல்லாம் மனப்பாடம் என்று சொன்னேன்.

இவ்வளவையும் பார்த்த பிறகு நண்பரின் யோசனைக்கு வருகிறேன். கடிதத்தை 'அப்படியே' பிரசுரித்தால் வாசகன் முன்னால் நிற்பது என்ன? ஒரு சொல் இன்னொன்றாக மாறும் விபத்து மட்டுமே. 'ஏளு'வும் 'எங்கல்'லும் 'கெட்டென்'னும் ஒரே மாதிரியான கோணல்களாக, ஒரே மாதிரியான அழகுகளாகத் தெரியும். மேலும், கவிஞன் 'கெட்டேன்' என்று எழுதும்போது 'கேட்டேன்' என்பதையும் அறிந்து அதை விலக்குகிறான். இந்தப் பையன் 'கேட்டேன்' என்றுதான் எழுதினான். அவன் மனத்தில் இருந்தது அது ஒன்றுதான். அவன் தேர்வு செய்யாத ஒன்றை அவன் பெயரில் அச்சிட்டு அதன் அர்த்தச் செறிவைப் பாராட்டுவது, பெருந்தன்மை போலத் தோன்றும் ஒரு திருட்டு. நவீனத்துவம் பேசும் நாம் இதில் பண்டிதர்களைவிட மேல் என்று எனக்குத் தோன்றவில்லை. சிவப்பு மையாவது அவனிடம் திரும்பிப் போகிறது.

இரண்டு நாள் கழித்து வேறு பிரதி எழுதி வந்தான். னகரங்கள் எல்லாம் சரி. கள் எல்லாம் கள். ஏழு பேர், செய்கிறார், பெற்றோர். கொம்புகளுக்கு நான் சொன்ன வழி, எழுதி முடித்ததும் திரும்பிப் போய் ஒவ்வொரு கொம்பையும் வாய்விட்டுப் படித்து, நீண்டால் மட்டும் சுழிப்பது. அதைச் சிரத்தையாகச் செய்திருந்தான். கொஞ்சம் அதிகமாகவே. 'சேய்தேன்', 'பேற்றோர்' என்று இரண்டு இடங்களில் தேவையில்லாத சுழி. அவனிடம் காட்டினேன். "நீளாது சார்" என்று தானே சொல்லிக்கொண்டு, என் பேனாவை வாங்கி அந்த இரண்டு சுழிகளையும் அடித்தான். நான் தேதி முத்திரை போட்டு உள்ளே அனுப்பினேன்.