மிருதங்கத்தை ரெண்டா வெட்டினா தபலாவா?

'மிருதங்கத்தை நடுவுல வெட்டி நிமிர்த்தி வெச்சா தபலா' என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த வாக்கியம் பாதிதான் சரி. வலது பக்கத்துக்குப் பொருந்தும், இடது பக்கத்துக்குப் பொருந்தாது.

வலது பக்கத்தைப் பாருங்கள். ரெண்டு வாத்தியத்திலும் தோலின் நடுவே நிரந்தரமான கறுப்பு வட்டம் இருக்கிறது. மிருதங்கத்தில் அதைச் சோறு, கரணை என்பார்கள். அந்தக் கனம்தான் தோலின் மேல்ஸ்வரங்களை ஒழுங்குபடுத்தி, சுருதி சேர்க்கும்படியான நாதமாக்குகிறது. சர் சி.வி. ராமன் 1920லேயே இதை எழுதியிருக்கிறார். இங்கே இரண்டும் உறவுக்காரர்கள்தான்.

இடது பக்கத்தில் கதை மாறுகிறது. தபலாவின் இடது, அதாவது பாயா, தனிப் பாத்திரம், பெரும்பாலும் உலோகம். அதிலும் நிரந்தரக் கறுப்பு உண்டு, ஆனால் நடுவில் இல்லை, ஓரமாகத் தள்ளி இருக்கும். தோல் மேலே பார்த்தபடி இருப்பதால் மணிக்கட்டை அதன்மேல் சாய்த்து வைக்கலாம். விரலால் தட்டிவிட்டு மணிக்கட்டை அழுத்தி நகர்த்தினால், தோல் இறுகி ஸ்வரம் மேலே ஏறும். தட்டிய பிறகும் ஒலி நெளிவது அதனால்தான்.

மிருதங்கத்தின் தொப்பியில் நிரந்தரக் கறுப்பு கிடையாது. கச்சேரிக்கு முன் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து நடுவில் அப்புவார்கள். முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். ரவை கூடினால் ஒலி கீழே இறங்கும், குறைந்தால் ஏறும். பொதுவாக வலந்தலையின் ஸட்ஜத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே நிறுத்துவார்கள். பாதிக் கச்சேரியில் ரவை காய்ந்து கனம் குறைந்தால் ஒலி மேலே போய்விடும். அப்போது கொஞ்சம் தண்ணீர் தொட்டுத் தடவுவதைப் பார்த்திருப்பீர்கள். போதாததற்கு, ரெண்டு தோலையும் ஒரே வார்தான் இழுத்துக் கட்டியிருக்கிறது. ஒரு பக்கத்தை இறுக்கினால் மறுபக்கமும் அசையும். தபலாவில் அந்தத் தொல்லை இல்லை.

அதோடு மிருதங்கம் படுத்திருக்கிறது. தொப்பித் தோல் பக்கவாட்டில் பார்ப்பதால் கையின் பாரத்தை அதன்மேல் போட்டுவைக்க முடியாது. அதற்காகத் தொப்பியில் நெளிவே வராது என்று நினைக்க வேண்டாம். கும்கி அதுதான். பழனி சுப்ரமணிய பிள்ளையின் கும்கிக்குத் தனிப் பேர் உண்டு. அவர் இடதுகைக்காரர், தொப்பி அவருடைய வலது கைக்கு வந்தது. ஆனால் தொப்பியின் அன்றாட வேலை வளைவது இல்லை. சுருதியில் நின்று அடியைத் தாங்குவதுதான்.

அதனால் ஒலிப்பதிவில் தொப்பியின் அடிக்குரலைத் தூக்கி, பாயா மாதிரி குமுற வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதில் போவது சுருதிதான். அடுத்த முறை ஜுகல்பந்தி கேட்கும்போது வலது கையை விட்டுவிட்டு, இடது அடி விழுந்த பிறகு என்ன ஆகிறது என்று மட்டும் கவனியுங்கள். பெரும்பாலும் நெளிந்தால் பாயா, நின்றால் தொப்பி.