கையைப் பார்த்தால் பட்டம் தெரியும்

நாமக்கல்லில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அக்காவின் பட்டமளிப்புப் படம் தொங்குகிறது. கறுப்பு அங்கி, தலையில் சதுரத் தொப்பி. நான் முதலில் பார்ப்பது அங்கியின் கையைத்தான்.

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மரபில் இளங்கலை அங்கியின் கை அகன்று, வாய் திறந்து தொங்கும். முதுகலைக்கு நீண்ட கையின் அடி மூடியிருக்கும். நடுவிலுள்ள கீறல் வழியே கரம் வெளிவரும். முனைவர் அங்கிக்குப் பல இடங்களில் சிவப்பு சேரும்.

முதுகில் தொங்கும் ஹூட், குளிருக்குத் துறவியர் போர்த்திய முக்காட்டின் மிச்சம். அதன் உள்துணி நிறம்தான் பட்டத்தைச் சொல்லும். அதனால் உள்துணி வெளியே தெரியும்படி மடித்துவிட வேண்டும். அக்காவின் படத்தில் அது புரண்டு, வெறும் கறுப்பாகக் கிடக்கிறது. கையிலுள்ள கீறல் மட்டும் அவள் முதுகலை என்கிறது.