பத்தியைக் கையால் மூடிவிட்டு எழுதிய விடை

ஒரு விடை "இதனால்" என்று தொடங்கினால் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றும் முன்பே எனக்கு விஷயம் தெரிந்துவிடும். எதனால் என்பது விடைத்தாளில் இருக்காது. அது வினாத்தாளில், உரைப்பத்தியில், அந்த வாக்கியத்துக்கு முந்தைய வாக்கியத்தில் இருக்கும். மாணவர் சரியான இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார், அதில் குறையில்லை. ஆனால் கண்டுபிடித்ததை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டார். "அதை", "அவர்கள்", "அங்கே", "ஆகவே" எல்லாம் இந்த வகைதான். பத்திக்குள் இருந்தபோது அவை எதையோ சுட்டிக்கொண்டிருந்தன. விடைத்தாளுக்கு வந்ததும் சுட்டுவதற்கு எதுவுமில்லாமல் நிற்கின்றன.

உரைப்பத்தியைப் படித்து விடை எழுதுவதைப் பலர் இலவச மதிப்பெண்ணாகத்தான் பார்க்கிறார்கள். பத்தியின் வாக்கியத்தை எடுத்தெழுதினாலே பல பள்ளிகளில் முழு மதிப்பெண் கிடைத்துவிடுகிறது என்பதும் உண்மை. சிங்கப்பூர்த் தமிழ்த் தேர்வில் இந்தப் பகுதிக்குச் சுயவிடைக் கருத்தறிதல் என்று பெயர். கொடுத்த விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் பகுதி தனியாக இருக்கிறது. அந்தச் 'சுய' என்பதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டு எழுதும் பிள்ளைகளின் விடைகளைப் படிப்பதில் ஒரு சுகம் உண்டு. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

வெறுமனே சொன்னால் விளங்காது. வகுப்புக்காக நான் எழுதிக்கொண்ட பத்தி ஒன்றைத் தருகிறேன்:

"கோடையில் ஏரி வற்றியதும் ஊரார் மண்வெட்டியும் கூடையுமாக உள்ளே இறங்குவார்கள். ஓராண்டு மழை அடித்துக்கொண்டு வந்த வண்டல் அங்கே படிந்திருக்கும். அதை வாரி வண்டியில் ஏற்றி வயலில் கொண்டுபோய்ப் பரப்புவார்கள். இதனால் ஏரி பழைய ஆழத்தைப் பெறும். வயலுக்கும் தனியாக உரம் தேவைப்படாது. வேலைக்கு யாரும் கூலி கேட்பதில்லை. வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்பது ஊர்க்கட்டுப்பாடு. வராத வீட்டுக்கு மதகுத் தண்ணீர் கடைசியில்தான். பிற்காலத்தில் ஏரி அரசின் பொறுப்புக்குப் போனது. கரை உடைந்து வெள்ளம் வந்தால் அதிகாரிக்கு மனு எழுதுவதே ஊராரின் வேலையாயிற்று."

முதல் வினா எளிது: வண்டல் வாரியதால் விளைந்த நன்மைகள் இரண்டைக் கூறுக. விடை நான்காம், ஐந்தாம் வாக்கியங்களில் இருக்கிறது. கண்ணில் படாமல் போக வழியே இல்லை. பாதிப் பேர் "இதனால் ஏரி பழைய ஆழத்தைப் பெறும், வயலுக்கும் தனியாக உரம் தேவைப்படாது" என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போவார்கள். தப்பு என்று அடிக்க முடியாது. ஆனால் எழுதியவருக்குப் புரிந்ததா என்பதற்கு அந்த விடையில் சான்றே இல்லை. பத்தியைப் பார்க்காத ஒருவரிடம் அதை நீட்டினால், "எதனால்?" என்றும் "வயலுக்கும் என்றால் வேறு எதற்கு?" என்றும் கேட்பார்.

இன்னொரு கூட்டம் உண்டு. 'சொந்த நடையில் எழுது' என்று ஆசிரியர் சொன்னதைக் கேட்டு, வாக்கியத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக மாற்றிக்கொண்டே போவார்கள். "இக்காரணத்தால் குளம் முந்தைய தாழ்வை அடையும், கழனிக்கும் வேறாக எரு அவசியப்படாது." சொல்லெல்லாம் புதிது. வாக்கியம் பழையது. ஏரி குளமாகியிருக்கிறது, ஆழம் தாழ்வாகியிருக்கிறது, பொருள் கெட்டிருக்கிறது. எடுத்தெழுதியவரின் விடையாவது பிழையின்றி இருந்தது. எனக்கு இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எடுத்தெழுதியதற்கே மதிப்பெண் போடுவேன்.

நன்னூல், உரைக்கு இருக்க வேண்டியவை என்று சொல்லும் பதினான்கில் சொற்பொருளைத் தனியாகவும் தொகுத்துரையைத் தனியாகவும் வைத்திருக்கிறது. சொல்லுக்குச் சொல் பொருள் சொல்வது வேறு, திரட்டிச் சொல்வது வேறு என்பது நமக்குப் பழைய செய்தி. தேர்வில் கேட்பது இரண்டாவதை. பிள்ளைகள் செய்வது பெரும்பாலும் முதலாவதை.

இந்த வினாவுக்கு நான் ரசித்த விடை இப்படி இருந்தது: "வண்டலை அகற்றியதால் ஏரியில் நீர் தேங்கும் அளவு குறையாமல் இருந்தது. அந்த வண்டலே வயலுக்கு எருவானது." முதல் வாக்கியத்தில் ஆழம் என்ற சொல்லே இல்லை. ஏரி ஆழமாக இருந்தால் என்ன லாபம் என்று ஒரு கணம் யோசித்து, நீர் அதிகம் தேங்கும் என்ற இடத்துக்குப் பிள்ளை போயிருக்கிறது. இரண்டாவதில் "தேவைப்படாது" என்ற எதிர்மறை நேராகத் திரும்பி "எருவானது" ஆகியிருக்கிறது. வண்டல் என்ற சொல்லை மட்டும் மாற்றவில்லை, அதுதான் சாமர்த்தியம். வண்டலைச் சேறு என்றாலும் மண் என்றாலும் வேறு பொருளாகிவிடும். மதகும் அப்படித்தான். அதைக் கதவு என்று எழுதினால் ஏரியே வேறாகிவிடும். பொருளின் பெயரைத் தொடக்கூடாது. அதைச் சுற்றியிருக்கும் வாக்கியத்தைத்தான் பிரித்துக் கட்ட வேண்டும்.

காலத்தையும் கவனியுங்கள். பத்தி "இறங்குவார்கள்", "பரப்புவார்கள்" என்று போகிறது. வழக்கமாக நடந்து வந்ததைத் தமிழில் அப்படிச் சொல்கிறோம். வினாவோ "விளைந்த நன்மைகள்" என்று இறந்தகாலத்தில் கேட்கிறது. விடை வினாவோடு சேர்ந்து "இருந்தது", "எருவானது" என்று போயிருக்கிறது. பத்தியைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறவருக்கு இது கைகூடாது. வினைமுற்று பத்தியிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதனால்தான் சான்றுள்ள வரியின் கீழே பென்சிலால் கோடிட்டதும் பத்தியைக் கையால் மூடச் சொல்கிறேன். மூடிவிட்டு வினாவை மறுபடி ஒருமுறை படித்து, வினாவைப் பார்த்துக்கொண்டே எழுத வேண்டும். நினைவில் நின்றது கருத்து. நிற்காமல் போனது பத்தியின் சொல்லடுக்கு. எழுதி முடித்தபின் கையை எடுத்து, விட்டதும் கூட்டியதும் உண்டா என்று ஒப்பிட்டால் போதும்.

இரண்டாம் வினா: ஊரார் கூலியின்றி வேலைக்கு வந்தது ஏன்?

இங்கேதான் வேடிக்கை. வினாவில் "கூலி" என்று இருப்பதால் கண் பத்தியில் "கூலி" என்ற சொல்லைத் தேடி ஓடும், கிடைத்ததும் நின்றுவிடும். "வேலைக்கு யாரும் கூலி கேட்பதில்லை" என்று எழுதிவிடுவார்கள். அது விடையல்ல, வினாவேதான். சொல் கிடைத்த இடத்தில் சான்று இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பெரும்பாலும் அதற்கு ஒரு வாக்கியம் முன்னோ பின்னோ இருக்கும். ஏன் என்று கேட்டால் விடை "ஆல்" என்றோ "என்பதால்" என்றோ முடிகிறதா என்று பார்த்தாலே இந்தத் தவறு பிடிபட்டுவிடும்.

அதைவிட அதிகம் வரும் இன்னொரு விடை: "ஊரார் ஒற்றுமையாக இருந்ததால்." சில தாள்களில் "பொதுநலம் கருதி" என்று இருக்கும். நம் பாடநூல்கள் ஊட்டிய நல்லெண்ணம் அது. பத்தியில் ஒற்றுமை என்ற பேச்சே கிடையாது. பத்தி சொல்வது கொஞ்சம் கறாரான செய்தி: வராவிட்டால் தண்ணீர் கடைசியில்தான். "எந்த வரியில் இருக்கிறது, விரலை வை" என்றால் பிள்ளை விழிக்கும். ஏரி வேலையைப் பற்றி முன்பே கொஞ்சம் படித்தவர் "குடிமராமத்து முறை இருந்ததால்" என்று எழுதுவதும் உண்டு. செய்தி சரி. ஆனால் அதுவும் பத்தியில் இல்லை. வெளியிலிருந்து கொண்டுவந்த உண்மைக்கு இந்த வினாவில் இடம் கிடையாது. கொஞ்சம் கொடுமையாகத் தோன்றலாம், எனக்கு அது பிடித்திருக்கிறது. எழுதியவர் சொன்னதை முதலில் கேட்க வேண்டும், நமக்குத் தெரிந்ததைச் சொல்வது அப்புறம்.

நல்ல விடை: "ஒவ்வொரு வீடும் ஆள் அனுப்ப வேண்டும் என்று ஊர் விதித்திருந்ததாலும், அனுப்பாதவர்களுக்குப் பாசன நீர் எல்லோருக்கும் பிறகே கிடைக்கும் என்பதாலும்." இரண்டு வாக்கியங்களில் கிடந்த இரண்டு காரணங்களையும் எடுத்து ஒரே வாக்கியத்தில் வைத்திருக்கிறது. ஒன்று விதி, மற்றது அதை மீறினால் வரும் தண்டனை. இதில் ஒன்றை மட்டும் எழுதுகிறவர்கள் நிறையப் பேர். கோடிடும்போது முதல் காரணம் கிடைத்ததும் பென்சிலை வைத்துவிடுவதுதான் அதற்குக் காரணம். இரண்டு மதிப்பெண் வினா என்றால் இரண்டு செய்தி இருக்கலாம் என்ற சந்தேகம் வர வேண்டும்.

இதற்கு நேர்மாறான வினாவும் தாளில் இருக்கும்: 'தண்டனையைக் குறிக்கும் தொடரைப் பத்தியிலிருந்து எடுத்தெழுதுக.' அங்கே போய்ச் சொந்த நடையைக் காட்டினால் மதிப்பெண் போய்விடும். "வராத வீட்டுக்கு மதகுத் தண்ணீர் கடைசியில்தான்" என்று புள்ளி மாறாமல் எழுத வேண்டும். வினாவின் வினைச்சொல்லைப் படிக்காமல் விடை எழுதப் போகிறவரை என்ன செய்வது.

மூன்றாம் வினாவுக்காகத்தான் இந்தப் பத்தியையே எழுதினேன்: ஏரியோடு ஊராருக்கு இருந்த உறவில் ஏற்பட்ட மாற்றம் என்ன?

"உறவு", "மாற்றம்" இரண்டு சொல்லும் பத்தியில் இல்லை. விடையும் ஓரிடத்தில் இல்லை. முதல் வரியில் மண்வெட்டி இருக்கிறது, கடைசி வரியில் மனு இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவருக்கே விடை கிடைக்கும். கடைசி வாக்கியத்தை மட்டும் எடுத்தெழுதுகிறவர் மாற்றத்தின் பாதியைத்தான் சொல்கிறார். எதிலிருந்து மாறியது என்பது தொக்கி நிற்கிறது. "ஊரார் சோம்பேறிகளாகிவிட்டனர்" என்பவருக்குச் சான்று இல்லை. பத்தி பொறுப்பு கைமாறியதைச் சொல்கிறதே தவிர யாரையும் திட்டவில்லை.

இரண்டு நல்ல விடைகள் வரும். ஒன்று: "முன்பு ஏரியைத் தாங்களே பராமரித்த மக்கள், பின்னர் அரசிடம் முறையிடுபவர்களாக மாறினர்." சுத்தமான விடை, முழு மதிப்பெண். மண்வெட்டியும் கூடையும் "பராமரித்த" என்ற ஒரு சொல்லுக்குள் போய்விட்டன. மனு "முறையிடு" ஆகிவிட்டது. இரண்டு முனைகளையும் பிடித்தாயிற்று.

மற்றது: "சேதம் வருமுன் தாங்களே பார்த்துக்கொண்டவர்கள், சேதம் வந்தபின் அரசைக் கேட்பவர்களானார்கள்." இதற்கும் அதே மதிப்பெண்தான், மேலே போட வழியில்லை. ஆனால் யார் செய்தார்கள் என்பதோடு எப்போது செய்தார்கள் என்பதும் மாறியிருப்பதை இந்தப் பிள்ளை பார்த்திருக்கிறது. எதை வைத்து "வருமுன்" என்று எழுதினாய் என்று கேட்டால், கோடையில் வற்றியதும், அதாவது அடுத்த மழைக்கு முன்னால் இறங்கினார்கள் என்று முதல் வரியில் விரலை வைக்கும். "வந்தபின்" எங்கே என்று கேட்டால் விரல் கடைசி வரிக்குப் போகும், "வெள்ளம் வந்தால்" என்ற இரண்டு சொல்லுக்கு.