மையமும் பாதையும் திசையும்
கோயில், தேவாலயம், பள்ளிவாசல் ஆகியவற்றின் தரையமைப்புப் பற்றிய ஓர் ஒப்புநோக்கு

நகர வீதியில் நின்று நோக்குவோர் கோபுரத்தைக் கண்டு கோயில் என்றும், மணிக்கோபுரத்தைக் கண்டு தேவாலயம் என்றும், மினாராவைக் கண்டு பள்ளிவாசல் என்றும் அறிந்துகொள்வர். இவ்வடையாளங்களே அவ்வக் கட்டடத்தின் உட்பொருளை உணர்த்துவன என்று கொள்வாரும் உளர். வரலாற்றை நோக்குமிடத்து அக்கொள்கை நிலைபெறாது. மதீனாவில் நபிகள் நாயகம் அமைத்த பள்ளிவாசலில் மினாரா இருந்ததில்லை. அங்கே அது எழுந்தது எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயாகும். உரோமாபுரியின் தொன்மையான தேவாலயங்கள் மணிக்கோபுரமின்றியே எழுந்தன. தஞ்சையில் 1010இல் நிறைவெய்திய இராசராசேச்சரத்தில் வாயிற் கோபுரங்கள் விமானத்தினும் மிகத் தாழ்ந்தே நிற்கின்றன. ஆதலின், இக்கட்டடங்கள் உணர்த்தும் பொருளை உச்சியிலே தேடுவதினும் தரையமைப்பிலே தேடுதலே பொருத்தமாகும்.

தஞ்சைக் கோயிலை முதலில் நோக்குவோம். அகன்ற வெளிமுற்றத்தைக் கடந்து நந்தியின் பக்கமாகச் செல்பவர் மண்டபங்களினூடே மேற்கு நோக்கி நடக்கின்றார். ஒவ்வொரு வாயிலைக் கடக்குந்தோறும் ஒளி குன்றுகின்றது. முடிவில் சாளரமற்ற சதுரமான கருவறை தோன்றுகின்றது. அவரது நடை அங்கே தடைப்படுகின்றது. உள்ளே புகும் உரிமை பூசகருக்கே உண்டு; ஏனையோர் கண்டு வணங்கி, பின் வலம் வருவர். கருவறையைச் சூழ்ந்து இரு சுவர்கள் உள்ளன. அவற்றின் இடைவழியிலேதான் புகழ்பெற்ற சோழர்கால ஓவியங்கள் காணப்படுகின்றன. கருவறைக்கு நேர்மேலே ஏறக்குறைய இருநூறு அடி உயரமான விமானம் எழுகின்றது. கிடையாகச் சுற்றும் வழியும் செங்குத்தாக எழும் கோடும் ஒரே புள்ளியிற் சந்திக்கின்றன. அப்புள்ளியே கோயிலின் மையம். அங்கே இறைவன் எழுந்தருளியிருக்கின்றான் என்பதே அவ்வமைப்பின் பொருள்.

இம்மையம் எத்துணை உறுதியானது என்பதைத் திருவரங்கம் காட்டும். அங்கே ஏழு திருச்சுற்றுக்கள் கருவறையைச் சூழ்ந்துள்ளன. தஞ்சையில் நடுவே உயர்ந்த விமானம் இங்கே சிறிதாகிப் பொன்வேய்ந்து நிற்க, வெளிக்கோபுரங்கள் உயர்ந்துள்ளன. அவற்றுள் மிகப் பெரிதான இராசகோபுரம் 1987இலேதான் நிறைவுற்றது. உயரத்தின் முறை முற்றும் தலைகீழாயிற்று; எனினும் மையம் பெயரவில்லை. திசையும் இங்கே வேறு. தஞ்சையில் சந்நிதி கிழக்கு நோக்கியது. திருவரங்கத்திலோ தெற்கு நோக்கியது. சந்நிதி இன்ன திசை நோக்கியது என்று தமிழர் கூறும்போது வழிபடுவோரின் முகத்தைக் கருதுவதில்லை; இறைவனின் திருமுகத்தையே கருதுகின்றனர். கோயிலில் திசை என்பது மையத்திலிருந்து வெளியே பரவுவதாகும்.

தேவாலயத்தின் வரலாறு இதனின் வேறுபட்டது. நான்காம் நூற்றாண்டில் வெளிப்படையாக வழிபடும் உரிமை பெற்ற கிறித்தவர்கள், உரோமரின் பொது மண்டபத்தையே முன்மாதிரியாகக் கொண்டனர். அம்மண்டபம் வழக்கு விசாரணைக்கும் வணிகத்துக்கும் பயன்பட்டது. அதற்கு நீண்ட பக்கத்திலே வாயில் இருத்தல் உண்டு. கிறித்தவர் வாயிலைக் குறுகிய ஒரு முனையிலும் பலிபீடத்தை மறுமுனையிலும் வைத்தனர். இச்சிறு மாற்றத்தால் மக்கள் கூடிநின்ற மண்டபம் மக்கள் முன்னேறிச் செல்லும் பாதையாயிற்று. ஐந்தாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் எழுந்த சாந்த சபினா தேவாலயத்தில் இதனைத் தெளிவாகக் காணலாம். பக்கத்துக்குப் பன்னிரண்டாக நிற்கும் தூண்கள் கண்ணை வாயிலிலிருந்து பீடத்துக்கு இழுத்துச் செல்கின்றன. கோயிலிற் போல ஒளி குன்றுவதில்லை. உயரத்தே வரிசையாயமைந்த சாளரங்கள் வழிமுழுதும் ஒளி தருகின்றன. தேவாலயத்தின் அமைப்புச் சிலுவை வடிவினது என்பர். சாந்த சபினாவிற் சிலுவையின் குறுக்குக் கை இல்லை. சிலுவை வடிவம் பின்னர்ப் பெருகியது. பாதையோ தொடக்கத்திலேயே அமைந்தது.

பள்ளிவாசலில் மையமும் இல்லை. பீடத்திற் சென்று முடியும் பாதையும் இல்லை. மதீனாவில் முதலில் யெரூசலேமை நோக்கித் தொழுகை நிகழ்ந்தது. 624இல் மக்காவை நோக்குமாறு அது மாற்றப்பட்டது. மதீனாவுக்கு யெரூசலேம் வடக்கிலும் மக்கா தெற்கிலும் உள்ளன. எனவே வடசுவரை நோக்கி நின்றோர் தென்சுவரை நோக்கித் திரும்பினர்; அதே வளவே தொடர்ந்து பள்ளிவாசலாக இருந்தது. இறைவன் உறையும் இடமொன்று கட்டடத்துள் இல்லாமையாலேயே இது இயல்வதாயிற்று. கிப்லாச் சுவரிலுள்ள மிஹ்ராப் என்னும் மாடத்துள் உருவமோ பீடமோ இல்லை. அது காட்டுவது சுவருக்கப்பாலுள்ள திசையையே. அத்திசைக்குக் குறுக்காக மக்கள் தோளோடு தோள் நின்று அணிவகுப்பர். இங்கே திசை வழிபடுவோரின் முகத்துக்கு உரியது.

இவ்வேறுபாடு உண்மையானதா, அன்றிக் கற்பனையா என்பதை அறிய ஒரு வழி உண்டு. ஒரு சமயத்தவரின் கட்டடத்தை மற்றொரு சமயத்தவர் கைக்கொண்டபோது எது இடர்ப்பட்டது என்று காணல் வேண்டும். இசுப்பானியாவிலுள்ள கோர்தோவாப் பெரிய பள்ளிவாசல் எட்டாம் நூற்றாண்டில் தொடங்கப்பெற்று, இருமுறை தெற்கே நீட்டப்பட்டது. அதன்பின் தெற்கே ஆறு அண்மையிலிருந்தமையால், 987 அளவில் மூன்றாம் விரிவு கிழக்குப் பக்கமாக நிகழ்ந்தது. பதினொரு தூண்வரிசை வழிகளோடு மேலும் எட்டுச் சேரவே, மிஹ்ராப் நடுவிடத்தை இழந்து ஒருபுறம் ஒதுங்கியது. கோயிலில் இது நிகழ்ந்திருப்பின் கருவறை இடம்பெயர்ந்தது போலாகும். பள்ளிவாசலிலோ தொழுகைக்கு ஊறு நேரவில்லை. ஆனால் 1236இல் அந்நகரைக் கைப்பற்றிய கிறித்தவருக்கு அந்தத் தூண்காடு போதவில்லை. 1523இல் தொடங்கி அதன் நடுவே தூண்களை அகற்றி, கிழக்கு நோக்கிய உயர்ந்த கூடமொன்றைப் பழைய வழிகளுக்குக் குறுக்காக எழுப்பினர். பீடத்துக்குச் செல்லும் பாதை அங்கே இல்லாமையால் அதனை வெட்டியே உண்டாக்கவேண்டியதாயிற்று.

கொன்சுதாந்திநோப்பிளில் 537இல் நிறைவுற்ற ஹாகியா சோபியா இதற்கு மறுதலையான சான்றாகும். 1453இல் அத்தேவாலயம் பள்ளிவாசலாக்கப்பட்டது. 1934இல் அரும்பொருளகமாக மாற்றத் தீர்மானிக்கப்பட்டு, 2020இல் மீண்டும் தொழுகைக்குத் திறக்கப்பட்டது. அதன் நெடுங்கோடு தென்கிழக்கே சென்று அரைவட்ட மாடத்தில் முடிகின்றது; மக்காவின் திசையோ மேலும் சற்றுத் தெற்காக உள்ளது. ஆகவே மிஹ்ராப் அம்மாடத்தின் நடுவில் அமையாது வலப்புறமாக விலகி நிற்கின்றது. தொழுவோரின் வரிசைகளும் கட்டடத்துக்குச் சாய்வாக அமைகின்றன. பெருங்குவிமாடத்தை மாற்ற வேண்டிய தேவை எவருக்கும் தோன்றவில்லை. மாறவேண்டியிருந்தது திசை ஒன்றே.

இவ்வொப்புநோக்கிற்கும் எல்லையுண்டு. ஹாகியா சோபியாவிற் குவிமாடம் வலிய ஒரு நடுவிடத்தைத் தருகின்றது. கோயிலிலும் மண்டபங்கள் வழியே செல்லும் பாதை உண்டு. ஆதலின் மையம், பாதை, திசை என்பன ஒவ்வொன்றுக்கும் தனியுரிமையானவை அல்ல. மூன்றனுள் எதற்கு ஏனையவை பணிந்து நிற்கின்றன என்பதே வினா.

அவ்வினாவுக்கு இலங்கையிலேயே தக்க எடுத்துக்காட்டு உண்டு. கண்டித் திரித்துவக் கல்லூரியின் சிற்றாலயம் 1935இல் அபிடேகம் செய்யப்பெற்றது. செதுக்கிய கற்றூண்களும், திறந்த பக்கங்களும், சரிந்த கூரையும் கொண்ட அது கண்டி அரசர் காலத்து மண்டபத்தை நினைவூட்டும். மேனாட்டுத் தேவாலயத்தின் வெளியடையாளங்கள் அங்கே காணப்படா. ஆயினும் அத்தூண் வரிசைகளினிடையே நிற்பவரின் கண் நேரே பீடத்தையே சென்றடைகின்றது. உடை உள்நாட்டினது, நடை தேவாலயத்தினது. புதிய வழிபாட்டிடம் ஒன்றை ஆராயப் புகுவோர், அதன் உச்சியில் என்ன இருக்கின்றது என்று கேட்குமுன், உள்ளே நிற்பவரை அது சுற்றிவரச் செய்கின்றதா, முன்னேறச் செய்கின்றதா, ஒருங்கே திரும்பி நிற்கச் செய்கின்றதா என்று கேட்டல் முறையாகும்.